தானாக வரப்போகிறவருக்கு எதற்குக் கூப்பன்? ஒரு கடைக்கு எழுதும் மூன்று மாதச் சோதனைத் திட்டம்

விற்பனைக் கணக்குகளை அலசிச் சொல்லும் வேலை எனக்கு. கடைக்காரர்கள் என்னிடம் அதிகம் கேட்பது ஒரே கேள்விதான். "பழைய வாடிக்கையாளர் பட்டியல் கையில் இருக்கிறது. கொஞ்ச நாளாக அவர்கள் எட்டிப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் பத்து சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் அனுப்பிவிடலாமா?" அனுப்பலாம்தான். ஆனால் அதனால் லாபம் வந்ததா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. அதனால் மூன்று மாதச் சோதனை ஒன்றை எழுதிக் கொடுப்பேன். அந்தத் திட்டத்தில் என்ன இருக்கும், ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வருகிறது என்பதை இங்கே ஒரு கடையை வைத்து முழுக்கப் போட்டுப் பார்க்கலாம்.

எண்கள் எல்லாம் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. எந்த நாணயத்துக்கும் பொருந்தட்டும் என்று, கடையின் ஒரு சராசரி பில்லை 100 என்று வைத்துக்கொள்கிறேன். அதில் சரக்கின் விலை போக 30 மிஞ்சுகிறது. அதுதான் மொத்த லாபம். மூன்று மாதத்துக்கு மேல் கடைப்பக்கம் வராதவர்கள் 4800 பேர். யாரும் கூப்பிடாமலே அடுத்த எட்டு வாரத்தில் இவர்களில் பத்து சதவீதம் பேர் வந்துவிடுகிறார்கள்.

அந்தப் பத்து சதவீதத்தைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். 4800 பேருக்கும் கூப்பன் போகிறது என்று வையுங்கள். வழக்கமாக வரும் 480 பேரோடு புதிதாக 144 பேர் வருகிறார்கள், அதாவது மூன்று சதவீதம் கூடுதல். கல்லாவில் 624 கூப்பன் சேரும். 624 பில், ஒவ்வொன்றும் தள்ளுபடி போக 90, ஆக 56,160 விற்பனை. பார்க்கிற யாருக்கும் மனது நிறைந்துவிடும். இப்போது லாபத்தைக் கணக்குப் பார்ப்போம். புதிதாக வந்த 144 பேர் ஆளுக்கு 20 லாபம் தந்தார்கள், அது 2880. எப்படியும் வந்திருக்கக்கூடிய 480 பேருக்கு ஆளுக்கு 10 வீதம் விட்டுக்கொடுத்தோம்; அது 4800. ஆளுக்கு இரண்டு செய்தி, ஒரு செய்திக்கு 0.25 என்றால் அனுப்பும் செலவு 2400. மொத்தத்தில் 4320 நஷ்டம். கூப்பன் கூட்டம் சேர்த்தது உண்மை, பணத்தை இழந்ததும் உண்மை. இரண்டாவதை எந்த விற்பனை அறிக்கையும் காட்டாது. ஏனென்றால் கூப்பன் இல்லாமலும் வந்திருக்கக்கூடியவர் யார் என்று எந்த பில்லிலும் எழுதியிருக்காது.

அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, அதே மாதிரியான ஆட்களில் ஒரு பகுதியினருக்கு எதுவும் அனுப்பாமல் விட்டு, அவர்களில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணுவதுதான். என் திட்டத்தின் முதல் பக்கத்தில் இதைத்தான் எழுதுவேன். கடைக்காரர் படிப்பது பெரும்பாலும் அந்த ஒரு பக்கம்தான் என்பதால் அது இந்த அளவில் இருக்கும்:

"கேள்வி: வராமல் நின்றுபோனவர்களுக்கு நினைவூட்டல் செய்தி அனுப்பினால் கடைக்கு லாபம் கூடுமா? கூப்பனும் சேர்த்து அனுப்பினால் அதைவிடக் கூடுமா? பட்டியலில் உள்ளவர்களைக் குலுக்கல் முறையில் மூன்று குழுவாகப் பிரிக்கிறோம். ஒரு குழுவுக்கு எதுவும் போகாது. ஒரு குழுவுக்குச் செய்தி மட்டும். ஒரு குழுவுக்குச் செய்தியும் கூப்பனும். எட்டு வாரம் எண்ணுகிறோம். 100 பேருக்கு எவ்வளவு மொத்த லாபம் வந்தது என்பதை வைத்து முடிவெடுக்கிறோம்."

குழுக்களை எந்த அளவில் பிரிப்பது? மூன்றாக வகுத்து ஆளுக்கு 1600 என்று போட்டுவிடத் தோன்றும். அதற்கு முன்னால், ஒவ்வொரு குழுவும் எவ்வளவு வித்தியாசம் காட்டினால் செலவுக்குக் கட்டுபடியாகும் என்று பார்க்க வேண்டும். செய்தி மட்டும் பெறுகிறவருக்கு நம் செலவு 0.5. அதனால் வரும் ஒவ்வொரு கூடுதல் பில்லும் 30 தரும். 100 பேருக்குச் செலவு 50. அதை ஈடுகட்ட 1.7 பேர் கூடுதலாக வந்தால் போதும். அதாவது 10 சதவீதம் 11.7 ஆக வேண்டும். கூப்பன் குழுவின் கதை வேறு. 100 பேருக்குச் செய்திச் செலவு 50, தானாக வரும் பத்துப் பேருக்கு விட்டுக்கொடுக்கும் 100, ஆக 150. கூடுதலாக வருகிற ஒருவர் தருவது 20 மட்டுமே. அப்படியானால் 7.5 பேர் கூடுதலாக வர வேண்டும். 10 சதவீதம் 17.5 ஆக வேண்டும். தள்ளுபடியை வாசலில் எழுதி வைக்கும்போது இப்படி ஒரு மலையை ஏற வேண்டியிருக்கும் என்று பல கடைக்காரர்கள் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள். சோதனையே வேண்டாம், இந்த ஒரு கணக்கு போதும் என்று சொன்னவர்களும் உண்டு. எனக்கு அது போதாது. 7.5 என்பது பெரிய எண், ஆனால் நடக்கவே முடியாத எண் இல்லை.

அடுத்தது, எத்தனை பேர் இருந்தால் எவ்வளவு சிறிய வித்தியாசத்தை நம்பிச் சொல்லலாம் என்பது. இதற்குத் துல்லியமான சூத்திரங்கள் உண்டு. கடைக்காரரோடு உட்கார்ந்து பேசும்போது நான் போடுவது இந்தத் தோராயக் கணக்கைத்தான்:

```
n = 16 × p × (1 − p) / d²
```

இதில் p என்பது வழக்கமாக வருகிறவர்களின் பங்கு, இங்கே 0.10. d என்பது நாம் பிடிக்க நினைக்கும் வித்தியாசம். n என்பது ஒவ்வொரு குழுவிலும் தேவைப்படும் ஆட்கள். அந்த வித்தியாசம் உண்மையிலேயே இருந்தால் ஐந்தில் நான்கு தடவையாவது அது கண்ணில் படும். இல்லாத வித்தியாசத்தை இருப்பதாக எண்ணி ஏமாறுவது இருபதில் ஒரு தடவைக்கு மேல் போகாது. இந்த இரண்டு உறுதிகளுக்கும் சேர்த்துத்தான் அந்த 16. மூன்று சதவீதப் புள்ளி வித்தியாசத்துக்கு 1600 பேர் போதும். இரண்டு புள்ளிக்கு 3600 பேர். ஒரு புள்ளிக்கு 14,400 பேர். தேடுகிற வித்தியாசம் பாதியானால் தேவைப்படும் ஆட்கள் நான்கு மடங்காகிறார்கள். சிறிய கடைகளில் நடக்கும் சோதனைகள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். ஐந்நூறு பேரை வைத்துக்கொண்டு ஒரு புள்ளி வித்தியாசத்தைத் தேடுவார்கள்; வருகிற எண் மேலும் கீழும் ஆடுவதைப் பார்த்து ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள்.

இப்போது குழுப் பிரிப்புக்கு வருவோம். கூப்பன் குழுவில் நாம் தேடுவது 7.5 புள்ளி என்கிற பெரிய வித்தியாசம். அதற்கு ஆயிரக்கணக்கில் ஆள் தேவையில்லை, 400 பேர் போதும். செய்திக் குழுவில்தான் நுணுக்கமான வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டும். ஆகவே கூப்பனுக்கு 400, செய்திக்கு 2200, எதுவும் அனுப்பாமல் விட்டுவைப்பதற்கு 2200. இப்படிப் பிரித்தால் செய்திக் குழுவில் 2.6 புள்ளி வரை பிடிக்கலாம், கூப்பனில் விட்டுக்கொடுக்கும் தொகையும் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. கட்டுபடியாகும் அளவு 1.7, நம்மால் நம்பிச் சொல்ல முடிவது 2.6. இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. அதை மறைக்காமல் திட்டத்தில் எழுதிவிடுவேன். அந்த இடைவெளியில் முடிவு வந்து விழுந்தால் என்ன செய்வது என்பதையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

"அந்த 2200 பேரை ஏன் சார் சும்மா விடணும்? அவங்களுக்கும் அனுப்பினா வியாபாரம்தானே?" இந்தக் கேள்வி வராத இடமே இல்லை. நியாயமான கேள்வி. அதற்கு நீட்டி முழக்கிப் பதில் சொல்வதை விட பட்ஜெட்டில் ஒரு வரியாக எழுதிவிடுவது நல்லது என்பது என் கருத்து. செய்தி உண்மையிலேயே மூன்று புள்ளி கூட்டுகிறது என்றால், விட்டுவைத்த 2200 பேரிடம் நாம் இழப்பது 66 பில். அதன் லாபம் 1980. மிச்சமாகும் செய்திச் செலவு 1100. ஆக இழப்பு 880. அவ்வளவுதான். எதிர்பார்ப்பு பலித்தால்தான் அந்த இழப்பும் உண்டு. பலிக்காவிட்டால் அந்த 2200 பேருக்கு அனுப்பாததால் பணம் மிச்சம்.

பட்ஜெட்டின் மற்ற வரிகள் இவை. செய்தி 2600 பேருக்கு, ஆளுக்கு இரண்டு, மொத்தம் 1300. கூப்பன் தள்ளுபடிக்கு உச்சவரம்பு 800. 400 பேரில் ஐந்தில் ஒருவர் வந்தால் ஆகும் செலவு இது. பில் போடும் இடத்தில் வாடிக்கையாளரின் எண்ணைக் கேட்டுப் பதிய ஊழியர்களுக்கு ஆகும் கூடுதல் நேரத்துக்கு 600. என் கட்டணம் 2000. கையை விட்டுப் போகும் பணம் மொத்தம் 4700. என் கட்டணத்தை இந்தக் கணக்குக்குள் வைக்காமல் தனி ரசீதாகக் கொடுக்கும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. சோதனைக்கு என்ன செலவு என்று கடைக்காரர் கேட்டால் அதில் என் பங்கும் தெரிய வேண்டும்.

4700 செலவு செய்யத் தகுமா? செய்தி மூன்று புள்ளி தந்தால், 4800 பேருக்கும் ஒரு சுற்று அனுப்பும்போது 144 பில், 4320 லாபம், அனுப்பும் செலவு 2400 போக 1920 மிஞ்சும். வருடத்துக்கு நான்கு சுற்று என்றால் 7680. ஆனால் நான்காவது சுற்றிலும் அதே பலன் இருக்கும் என்று நான் எழுத மாட்டேன். ஒரே ஆளுக்குத் திரும்பத் திரும்பச் செய்தி போனால் பலன் தேயும். பாதியாகத் தேய்ந்தாலே எதுவும் மிஞ்சாது. இதையும் கடைக்காரர் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். இன்னொரு பக்கம், சோதனை செய்யாமல் எல்லோருக்கும் கூப்பன் அனுப்பியிருந்தால் முதல் சுற்றிலேயே 4320 போயிருக்கும். ஆகவே சோதனையின் மதிப்பில் பெரும்பகுதி, தவறான ஒரு காரியத்தைச் செய்யாமல் தப்புவதில்தான் இருக்கிறது. கடை இதைவிடச் சிறியது, பட்டியலில் 800 பேர்தான் என்றால் இந்தத் திட்டத்தையே நான் கொடுக்க மாட்டேன். கட்டுபடியாகாது. அங்கே கூப்பனைக் கைவிட்டு, செய்தி மட்டும் அனுப்பிப் பார்க்கச் சொல்லிவிடுவேன்.

சரி, மூன்று மாதம் எதற்கு? செய்தி அனுப்ப ஒரு நாள் போதுமே என்று கேட்கலாம். முதல் மாதத்தில் யாருக்கும் எதுவும் அனுப்புவதில்லை. கடைக்காரருக்குப் பொறுமை போகும் மாதம் அதுதான். ஆனால் சோதனை கெடுவதும் நிலைப்பதும் அந்த மாதத்து வேலையைப் பொறுத்தே இருக்கிறது.

யார் திரும்பி வந்தார் என்று நமக்கு எப்படித் தெரியும்? பில் போடும்போது கைபேசி எண்ணைக் கேட்டுப் பதிவதால்தான். இப்போது ஒரு கடையில் பத்தில் ஏழு பில்லில்தான் எண் பதிவாகிறது என்று வையுங்கள். அவசரத்தில் ஊழியர் கேட்பதில்லை, சிலர் சொல்வதில்லை. ஆனால் கூப்பனோடு வருகிறவர் தள்ளுபடிக்காகத் தன் எண்ணைச் சொல்லியே தீர வேண்டும். இந்த நிலையில் கூப்பன் எந்தப் பலனும் தரவில்லை, இரண்டு குழுவிலும் பத்து சதவீதம்தான் வந்தார்கள் என்றே இருக்கட்டும். கூப்பன் குழுவில் பத்துப் பேரும் பதிவாவார்கள். விட்டுவைத்த குழுவில் வந்த பத்தில் ஏழு பேர்தான் பதிவாவார்கள். அறிக்கையில் 10-க்கு 7, மூன்று புள்ளி வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அது முழுக்க முழுக்கப் பொய். இல்லாத வெற்றியைக் காட்டும் தவறுகளில் இதைவிடச் சுலபமாக நடப்பது வேறு இல்லை. எந்தச் சூத்திரமும் பின்னால் வந்து இதைச் சரிசெய்யாது.

அதனால் முதல் நான்கு வாரமும் ஒரே வேலை. ஒவ்வொரு பில்லிலும் எண் கேட்கப்பட வேண்டும். கேட்டுச் சொல்லாவிட்டால் 'சொல்லவில்லை' என்று ஒரு குறி விழ வேண்டும். கேட்கவே இல்லை என்பதும் சொல்லவில்லை என்பதும் வேறு வேறு. வாரக் கடைசியில் மொத்த பில்களையும் எண் உள்ள பில்களையும் வகுத்துப் பார்ப்பேன். நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டினால்தான் இரண்டாம் மாதம் தொடங்கும். தாண்டாவிட்டால் தள்ளிப்போகும். திட்டத்தில் இதை நிபந்தனையாகவே எழுதி, கடைக்காரர் படித்தாரா என்று வாய்விட்டுக் கேட்டு உறுதிசெய்துகொள்வேன்.

அதே மாதத்தில் பட்டியலையும் சுத்தம் செய்ய வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு எண் இருந்தால் கணவர் ஒரு குழுவிலும் மனைவி இன்னொரு குழுவிலும் போய் விழுவார்கள். கூப்பன் கை மாறும். முகவரி தெரிந்தால் வீட்டை ஓர் அலகாக எடுத்துக்கொள்கிறோம். செய்தி வேண்டாம் என்று முன்பே சொன்னவர்களை நீக்குகிறோம். இந்த நீக்கம் எல்லாம் குழு பிரிப்பதற்கு முன்னால் முடிய வேண்டும். நாம் எடுத்துக்கொண்ட 4800 பேர் இப்படிச் சலித்த பிறகு மிஞ்சியவர்கள்.

பிரித்த பிறகு யாரையும் நீக்கக் கூடாது. இதில்தான் நல்லெண்ணத்தோடு தவறு செய்வார்கள். செய்திக் குழுவில் 150 பேருக்குச் செய்தி போய்ச் சேரவில்லை, எண் மாறிவிட்டது என்று தெரிய வரும். "போய்ச் சேராதவங்களை எதுக்கு எண்ணணும்?" என்று எடுத்துவிடத் தோன்றும். எடுத்தால் அந்தக் குழுவில் எண் மாற்றாத, கடையோடு தொடர்பில் இருக்கும் ஆட்கள் மட்டுமே மிஞ்சுவார்கள். விட்டுவைத்த குழுவிலும் எண் மாற்றியவர்கள் அதே அளவுக்கு இருப்பார்கள், ஆனால் அவர்கள் யார் என்று நமக்குத் தெரியாது. ஒரு பக்கம் மட்டும் களை எடுத்த மாதிரி ஆகிவிடும். ஆகவே பிரித்த அன்று யார் எந்தக் குழுவோ, கடைசி நாள் வரை அவர் அந்தக் குழுதான்.

பிரிப்பது எப்படி? ஊழியரின் கையில் விடக் கூடாது; தெரிந்த முகங்களுக்குக் கூப்பனைக் கொடுத்துவிடுவார்கள். பட்டியலின் முதல் 400 பேர் என்றும் எடுக்கக் கூடாது; பட்டியல் பெரும்பாலும் தேதி வாரியாக இருக்கும், முதலில் இருப்பவர் மிகப் பழையவராகவோ மிகப் புதியவராகவோ இருப்பார். கணக்குத் தாளில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் `=RAND()` போட்டு, அந்த எண்களை நகலெடுத்து வெறும் மதிப்பாக ஒட்டிவிட்டு, பிறகு அதன்படி வரிசைப்படுத்துகிறோம். வெறும் மதிப்பாக ஒட்டுவது முக்கியம். இல்லாவிட்டால் தாளைத் திறக்கும்போதெல்லாம் எண்கள் மாறும். அடுத்த முறை யாராவது வரிசைப்படுத்தினால் குழுக்களே கலைந்துவிடும். பிரித்த பட்டியலின் ஒரு படி கடைக்காரரிடமும் ஒரு படி என்னிடமும் அன்றே பூட்டி வைக்கப்படும்.

பிரித்தவுடன் ஒரு சரிபார்ப்பு உண்டு. மூன்று குழுக்களின் கடந்த வருட வாங்கலை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. சராசரி பில், கடைசியாக வந்து எத்தனை நாள் ஆயிற்று, வருடத்துக்கு எத்தனை தடவை. மூன்றும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். 400 பேர் குழுவில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும், அது இயல்பு. பெரிய அளவில் விலகியிருந்தால் வரிசைப்படுத்தியதில் ஏதோ கோளாறு.

இரண்டாம் மாதத்தின் முதல் வாரத்தில் முதல் செய்தி, மூன்றாம் வாரத்தில் இரண்டாவது. முதல் நாள் 200 பேருக்கு மட்டும் போகும். இணைப்பு வேலை செய்கிறதா, பெயர் சரியாக விழுகிறதா, கூப்பனைக் கல்லா ஏற்கிறதா என்று பார்த்துவிட்டு மறுநாள் மீதிப் பேருக்கு. இனி அனுப்ப வேண்டாம் என்று சொல்பவர்கள் நூற்றுக்கு இரண்டைத் தாண்டினால் இரண்டாவது செய்தி நிற்கும். அந்த 400 பேருக்கும் 2200 பேருக்கும் செய்தியின் வாசகம் ஒன்றேதான். கூப்பன் வரி மட்டும் கூடுதல். இரண்டு செய்தியையும் வேறு வேறு நடையில் எழுதிவிட்டால் எது வேலை செய்தது என்று பிறகு பிரிக்க முடியாது.

மூன்றாம் மாதம் எதுவும் அனுப்பாமல் எண்ணிக்கொண்டே இருப்பது. இது ஏன் என்றால், இப்போது வந்தவர்களில் சிலர் மூன்றாம் மாதம் எப்படியும் வந்திருக்கக்கூடியவர்கள். செய்தியைப் பார்த்து முன்னதாக வந்துவிட்டார்கள், அவ்வளவுதான். நான்காவது வாரம் செய்திக் குழு நான்கு புள்ளி முன்னால் நிற்கலாம். எட்டாவது வாரம் விட்டுவைத்த குழு தானாக நடந்து வந்து அந்த இடைவெளியை மூன்றாகவோ ஒன்றாகவோ சுருக்கிவிடும். முதல் நான்கு வாரத்தோடு கணக்கை மூடினால் நாளைய விற்பனையை இன்றைய வெற்றியாக எழுதிக்கொள்வோம்.

நடுவில் எட்டிப் பார்க்கலாமா? பதிவு ஒழுங்காக நடக்கிறதா என்று வாரா வாரம் பார்ப்பேன். எந்தக் குழு முன்னால் என்று பார்ப்பதில்லை, கடைக்காரருக்கும் காட்டுவதில்லை. முடிவை ஐந்து தடவை எட்டிப் பார்த்து, எப்போது நன்றாக இருக்கிறதோ அப்போது நிறுத்திக்கொண்டால், இல்லாத பலனைக் கண்டதாக ஏமாறும் வாய்ப்பு 5 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 14 சதவீதமாக ஏறிவிடும். தரவு மாறவில்லை, நாம் நிறுத்தும் இடம் மட்டும் மாறியது. இதை விளக்கிச் சொன்னால் பெரும்பாலான கடைக்காரர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். காசு போட்டவருக்கு எட்டு வாரம் ஒன்றும் தெரியாமல் காத்திருப்பது கஷ்டம் என்பது எனக்கும் தெரியும்.

வெற்றிக்கான அளவுகோல் ஒன்றே ஒன்று: குழுவில் உள்ள 100 பேருக்கு எட்டு வாரத்தில் வந்த மொத்த லாபம், செலவு போக. வந்தவர்களுக்கு மட்டும் சராசரி எடுப்பதில்லை. வராதவரும் பூஜ்யமாகக் கணக்கில் இருக்கிறார். ஒரு சிக்கல் உண்டு. யாரோ ஒருவர் மொத்தமாக 3000-க்கு வாங்கிவிட்டுப் போவார். அந்த ஒரே பில்லின் லாபம் 900. 2200 பேருக்கு வகுத்தால் 100 பேருக்கு 41 கூடும். நாம் தேடும் பலனே அந்த அளவுதான். ஒரு மனிதரின் ஒருநாள் கொள்முதல் சோதனையைத் தீர்மானித்துவிடக் கூடாது. ஆகவே 1000-க்கு மேல் போகும் எந்த பில்லும் 1000 என்றே எண்ணப்படும், மூன்று குழுவுக்கும். இதை முதல் நாளே எழுதி வைத்தால் விதி. கடைசி நாள் எழுதினால் கையாடல்.

முடிவு விதிகளும் அதே தாளில் இருக்கும். செய்திக் குழு விட்டுவைத்த குழுவை விட மூன்று புள்ளி அல்லது அதற்கு மேல் முன்னால் என்றால் செய்தியைத் தொடர்வோம். ஒரு புள்ளி அல்லது அதற்குக் கீழ் என்றால் கைவிடுவோம். நடுவில் விழுந்தால் புதிதாகக் குலுக்கி இன்னும் ஒரு சுற்று; என் கட்டணம் அதற்குப் பாதி. கூப்பன் குழு 7.5 புள்ளியைத் தொடாவிட்டால் கூப்பன் இல்லை. தொட்டாலும் உடனே எல்லோருக்கும் அனுப்பாமல் பெரிய குழுவில் ஒரு தடவை உறுதிசெய்வோம். கூப்பன் குழுவின் சராசரி பில் வழக்கத்தை விடப் பெரிதாக இருந்தால் அந்த 7.5-ஐத் திருத்தி எழுத வேண்டும். ஆனால் அது எட்டாவது வார எண்ணிக்கைக்குப் பிறகு, லாபக் கணக்கின் மூலமாக மட்டும்.

இந்த விதிகள் எப்படி வேலை செய்யும் என்று கடைக்காரருக்குக் காட்ட, திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு மாதிரி முடிவைப் போட்டுக் காட்டுவேன். விட்டுவைத்த 2200 பேரில் 224 பேர் வந்தார்கள், 10.2 சதவீதம். செய்தி பெற்ற 2200 பேரில் 293 பேர், 13.3 சதவீதம். கூப்பன் பெற்ற 400 பேரில் 58 பேர், 14.5 சதவீதம். இதை அப்படியே மேசையில் வைத்தால் யாரும் கூப்பனைத்தான் கையால் தொடுவார்கள். அதிகம் பேரைக் கூட்டி வந்தது அதுதானே. 100 பேருக்கு லாபம் என்று மாற்றிப் பாருங்கள். எதுவும் அனுப்பாத குழு 306. செய்திக் குழு 13.3 பேர், ஆளுக்கு 30, செய்திச் செலவு 50 போக 349. கூப்பன் குழு 14.5 பேர், ஆளுக்கு 20, செலவு 50 போக 240. கூட்டத்தில் முதலிடம் பிடித்தது லாபத்தில் கடைசி. சும்மா இருந்திருந்தாலே அதைவிட 66 கூடுதலாக வந்திருக்கும்.

அந்த மாதிரி முடிவிலும் சந்தேகத்துக்கு இடம் இருக்கிறது. செய்திக் குழுவின் 3.1 புள்ளி என்பது 1.2-க்கும் 5-க்கும் நடுவே எங்கும் இருக்கலாம். கீழ் எல்லை 1.7-ஐ விடக் குறைவு. அப்படியானால் ஏன் தொடரச் சொல்கிறேன்? ஒரு சுற்று தவறாகப் போனால் இழப்பு சிறியது. செய்தியை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். கடையை இடித்துக் கட்டும் முடிவாக இருந்தால் இந்த அளவு ஆதாரத்தை நான் ஏற்க மாட்டேன். கூப்பன் குழுவின் 4.3 புள்ளியும் ஏறத்தாழ 0.6-க்கும் 8-க்கும் நடுவே. மேல் எல்லை 7.5-ஐக் கொஞ்சம் தாண்டுகிறது. ஆகவே கூப்பன் நஷ்டம் என்பது மிகவும் சாத்தியம், ஆனால் முத்திரை குத்தின உண்மை இல்லை. 400 பேரோடு நிறுத்திக்கொண்டதற்குக் கொடுக்கும் விலை இது. கடைக்காரர் அந்த விலையை முதல் நாளே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இந்த முடிவு எதற்குப் பொருந்தாது என்பதும் ஒரு பத்தி வேண்டும். வராமல் நின்றவர்களிடம் கிடைத்த விடையை வாரா வாரம் வருகிறவர்கள் மேல் போடக் கூடாது. அவர்களில் தானாக வரும் பங்கு மிகப் பெரியது. அறுபது சதவீதம் பேர் எப்படியும் வருகிறவர்கள் என்றால் 100 பேருக்கு 600-ஐத் தள்ளுபடியாகக் கொடுத்துவிட்டுத்தான் கணக்கே தொடங்கும். ஈடுகட்ட இன்னும் முப்பத்திரண்டு அல்லது முப்பத்து மூன்று பேர் கூடுதலாக வர வேண்டும், மிஞ்சியிருப்பதே நாற்பது பேர்தான். சோதனை நடந்த எட்டு வாரம் வியாபாரம் சூடான காலமா மந்தமான காலமா என்பதையும் அறிக்கையில் குறிப்பேன். பருவம் மூன்று குழுவையும் ஒரேபோல் தூக்கும் அல்லது இறக்கும், ஒப்பீடு கெடாது. ஆனால் செய்தியின் பலன் மந்தமான காலத்தில் வேறு அளவில் இருக்கலாம்.

அப்புறம், தொடர்வது என்று முடிவானால் ஒரு வேண்டுகோள். அடுத்த சுற்றில் எல்லோருக்கும் அனுப்பிவிட வேண்டாம். 4800 பேரில் 480 பேரைப் புதிதாகக் குலுக்கி விட்டுவையுங்கள். 480 பேரை வைத்து ஒரு சுற்றில் நுணுக்கமாக எதுவும் சொல்ல முடியாது. ஆனால் நான்கு சுற்றின் எண்களையும் சேர்த்தால் 1920 பேராகிவிடும், பலன் தேய்கிறதா என்று அப்போது சொல்லலாம். அந்த வேலைக்கு நான் தேவையில்லை. பட்டியலைப் பிரிப்பது, எண்ணுவது, 100 பேருக்கு லாபம் போடுவது மூன்றையும் கடையில் கணக்கெழுதுகிறவரே செய்துகொள்ளும்படி ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது என் 2000 கட்டணத்துக்குள் அடக்கம்.